கைமாத்து மூவாயிரம்

என் அண்ணன் தெய்வநாயகத்திடம் போய்ப் பணம் கேட்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் சண்டையாவது போடலாம். ஏம்பலத்தில் அவர் வீட்டு வாசலில் நான் பஸ் இறங்கி வந்து நிற்பேன். "வா ஜெயா, மொதல்ல சாப்புடு" என்பார். சாப்பிட்டு முடித்தால் கரும்பு வெட்டு ஆளுக்குக் கூலி ஏறிப்போன கதை. அதற்குப் பிறகு மோட்டார் காயில் எரிந்த கதை. கடைசியில் ஒரு மஞ்சள் பையில் வேர்க்கடலையைக் கட்டிக் கையில் கொடுத்து, "நீ யாரு நான் யாரு, பணம் எங்க போவப் போவுது" என்று பஸ் ஏற்றிவிடுவார். இரண்டரை வருஷத்தில் நான் தூக்கி வந்த வேர்க்கடலையை விற்றிருந்தால் பாதிக் கடன் அடைந்திருக்கும்.

கடன் மூவாயிரம். எழுபத்தேழு சித்திரையில் அவருடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மதகடிப்பட்டில் இருக்கும் என் பாத்திரக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஒரு கைமாத்துதான் ஜெயா. ஆறு மாசம். வெட்டு முடிஞ்சு ஆலைப் பணம் வந்ததும் மொத வேலை ஒன்னுதுதான்." என் வீட்டுக்காரர் இறந்தபோது அவருடைய கூட்டுறவு வேலையிலிருந்து வந்த பணத்தில் மூவாயிரத்தைப் போஸ்டாபீஸில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். சீட்டு எழுதவில்லை, சாட்சி வைக்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் நாளைக்கு எந்த முகத்தோடு அவன் வீட்டில் சாப்பிடுவது? கல்யாணத்துக்கு அத்தை முறையாக ஒரு குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் கடையிலிருந்தே கொண்டுபோய் வைத்தேன். அது வேறு, இது வேறு.

மறு வருஷம் பொங்கலுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார். "கணக்குல கழிச்சுக்கோ" என்றார். அதோடு சரி.

அந்தப் பணம் இல்லாமல் என் தலைக்கு மேல் கூரை இல்லை என்ற நிலைமை எழுபத்தொன்பது புரட்டாசியில் வந்தது. கடை இருந்த வாடகைக் கட்டடத்தின் சொந்தக்காரர் தன் மகனுக்கு மருந்துக்கடை வைத்துக் கொடுக்கப் போவதாகவும், தை பிறந்ததும் நான் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கடைக்குப் பின்னால்தான் நான் குடியிருப்பதும். கெஞ்சிப் பார்க்கும் ஜாதி நான் இல்லை. விழுப்புரம் சாலையிலேயே என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட எட்டுக் குழி மனை இருந்தது. அதில் முன்பக்கம் கடை, பின்பக்கம் ஓர் அறை என்று அஸ்திவாரம் போட்டு ஜன்னல் மட்டம் வரை சுவரை ஏற்றிவிட்டேன். கையில் இருந்தது அத்தோடு தீர்ந்தது. மரத்துக்கும் ஓட்டுக்கும் மேஸ்திரி போட்டுக் கொடுத்த கணக்கு இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். அண்ணன் தர வேண்டியதை அப்படியே கொண்டுபோய் மேலே கவிழ்த்தால் கூரை.

வில்லியனூரிலிருந்து மரியதாஸ் என்று ஒருவர் கடைக்கு வருவார். புதுச்சேரியில் ஒரு வக்கீலிடம் நெடுங்காலமாகக் குமாஸ்தாவாக இருப்பவர். அவர் மகளுக்கு அண்டா வாங்க வந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"நொத்தேர் கிட்ட போயி எதாச்சும் எழுதினீங்களாம்மா?" என்றார். பத்திரம் எழுதிப் பதிகிறவரைப் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பேரில்தான் சொல்வார்கள்.

"அவரு என் அண்ணன்."

"அதான் கேக்கறேன். புரோநோட்டு?"

"இல்ல."

"அப்ப பணம் குடுத்த தேதியில இருந்து மூணு வருஷம். வர்ற சித்திரையோட முடியுது. அதுக்கப்புறம் கோர்ட்டு வாசல்ல நின்னாலும் உள்ள விடமாட்டான்."

"இருநூறு குடுத்தாரே."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரா? வாயால கழிச்சுக்கன்னு சொன்னா அது எதுக்கும் ஆவாது. ஒரு லெட்டர் எழுதுங்கம்மா. மரியாதையா எழுதுங்க. கோவமா எழுதினா கிழிச்சுப் போட்டுட்டு, திட்டி எழுதிட்டான்னு ஊர்ல சொல்லுவாரு. மரியாதையா எழுதினா பதில் போட்டாவணும். பதில்ல தொகையைச் சொல்லி, தரணும்னு ஒத்துக்கிட்டு, கீழ கையெழுத்துப் போட்டா போதும். அந்தத் தேதியில இருந்து புதுசா மூணு வருஷம்."

"கேஸ் போட எனக்கு ஆசையில்ல."

"போடுங்கன்னு சொல்லல. கையில இருக்கட்டும்ன்றேன்."

முதலில் எழுதியதை யாரிடமும் காட்ட முடியாது. கொட்டித் தீர்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். கார்டில் எழுதலாமா என்று ஒரு கோபம் வந்தது. கார்டில் எழுதினால் ஏம்பலம் போஸ்ட்மேன் படிப்பான், டீக்கடை படிக்கும், ஊரே படிக்கும். அது கடன் கேட்பதில்லை, மானத்தை வாங்குவது. இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையைச் சாத்திவிட்டு நிதானமாக உட்கார்ந்து இப்படி எழுதினேன்:

"அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை ஜெயமணி வணக்கம். அண்ணிக்குக் கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சின்னவளுக்குத் தையில் கல்யாணம் பேசி முடித்த செய்தி கேட்டுச் சந்தோஷம்.

நான் கட்டும் கடை ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. தை பிறந்தால் இருக்கிற இடத்தைக் காலி செய்ய வேண்டும். கூரை போடப் பணம் போதவில்லை. 1977 சித்திரையில் பெரியவள் கல்யாணத்துக்காகத் தாங்கள் என்னிடம் கைமாத்தாக வாங்கிய ரூபாய் மூவாயிரத்தை, கார்த்திகை முடிவதற்குள் கொடுத்து உதவினால் பெரிய ஒத்தாசையாக இருக்கும். மொத்தமாக முடியாவிட்டால் ஐப்பசியில் பாதி, கார்த்திகையில் பாதி என்று கொடுத்தாலும் சரி. வட்டி என்ற பேச்சு நமக்குள் இல்லை.

தங்களுக்குக் கல்யாணச் செலவு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன் என்றால் என் நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு தர முடியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். மேஸ்திரிக்கு நான் அதை வைத்துத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். நான் எழுதிய தொகையில் பிழை இருந்தால் அதையும் எழுதுங்கள். தங்கை ஜெயமணி."

இருநூற்றைக் கழிக்காமல் எழுதியது மறதியால் இல்லை. என் அண்ணனை எனக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய்க் கடனைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பார். பத்து ரூபாய் கூடுதலாகச் சொல்லிவிட்டால் பொறுக்கவே மாட்டார். இந்தக் கடுதாசிக்குப் பதில் வராமல் இருக்காது என்று அந்த ஒரு வரியை நம்பித்தான் பெட்டியில் போட்டேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. பிரித்து ஒரே மூச்சில் படித்தேன். இரண்டாவது தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

"அன்புள்ள தங்கைக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கண்டேன். பெரியவள் கல்யாணத்தில் அத்தை என்ற முறையில் நீ செய்த மொய்யை நான் மறக்கவில்லை. அதைக் கடன் என்று எழுதியது என் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மொய்யை நடுவில் திருப்பிக் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை. உன் வீட்டில் ஒரு விசேஷம் நடக்கும்போது கட்டாயம் திருப்பிச் செய்வேன். மேலும் நீ மூவாயிரம் என்று எழுதியிருப்பது தவறு. பொங்கலுக்கு இருநூறு கொடுத்திருக்கிறேன். நான் தர வேண்டியது ரூபாய் 2800 மட்டுமே. இப்படிக்கு, ப. தெய்வநாயகம்."

உன் வீட்டில் ஒரு விசேஷம் நடக்கும்போது. எனக்குப் பிள்ளை இல்லை. காது குத்தவோ, மஞ்சள் நீராட்டவோ, தாலி கட்டிக் கொடுக்கவோ என் வீட்டில் யாரும் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் புருஷனும் இல்லாதவள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடக்கிற எல்லா விசேஷத்துக்கும் சொம்பும் தட்டும் பேர் வெட்டிக் கொடுக்கிறவள் நான். இது தெரிந்துதான் அந்த வரியை எழுதியிருக்கிறார். அன்று கடையைத் திறக்கவில்லை. அழுதேன். அழுகை முடிந்ததும் பசித்தது. சோறு வடித்துச் சாப்பிட்டேன்.

மரியதாஸ் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தர வேண்டியது எரநூறு போவ எரண்டாயிரத்து எண்ணூறு, கையெழுத்து. இது போதும்மா. மொய்னு சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். கேஸ் நிக்கும்."

"தீர்ப்பு தைக்குள்ள வருமா?"

"எந்தத் தை?" என்றார்.

அப்படியானால் வேறு வழிதான். விசேஷம்தானே வேண்டும், செய்வோம் என்று முடிவு செய்தேன். கட்டுகிற கட்டடத்துக்கு வாசக்கால் வைக்க வேண்டுமே. அது நல்ல காரியம் இல்லையா? வழக்கமாக மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு, நாலு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று முடிந்துவிடும். நான் பத்திரிகை அடித்தேன். கார்த்திகை இரண்டாம் வாரம், வளர்பிறை, முகூர்த்த நாள். அழைப்பவர் என்ற இடத்தில் பிறந்த வீட்டுப் பெரியவர் என்று அண்ணன் பேரைப் போட்டேன். அச்சகத்துக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வாசக்காலுக்கு யாராச்சும் பத்திரிக அடிப்பாங்களாக்கா?"

"நான் அடிக்கிறேன். மஞ்சள் தடவி நூறு குடு."

ஏம்பலத்துக்கு நேரில் போய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். கூடவே கைப்பட எழுதிய ஒரு கடிதம். "தாங்கள் எழுதியபடியே என் வீட்டில் விசேஷம் வந்துவிட்டது. தாங்கள் சொன்ன வாக்கை நம்பி மேஸ்திரியிடம் அடுத்த வாரம் மரம் இறக்கச் சொல்லியிருக்கிறேன்." அண்ணன் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேர்க்கடலையும் கட்டவில்லை.

அவரால் வராமல் இருக்க முடியாது. தையில் அவர் வீட்டுக் கல்யாணம். சொந்தக்காரர்கள் வைக்கிற மொய்யை நம்பித்தான் பாதிச் செலவை இழுத்துப் போட்டிருந்தார். தங்கை வீட்டு விசேஷத்துக்கு வராதவன், வாங்கிய மொய்யைத் திருப்பாதவன் என்று பேர் வந்தால் அவருடைய பந்தலில் யார் கை நீட்டுவார்கள்?

அன்று காலை மழை விட்டிருந்தது. ஜன்னல் மட்டத்துச் சுவருக்குள்ளே பந்தல். சொந்தம், கடைத்தெரு, பக்கத்து வீடுகள் என்று அறுபது பேர் இருப்பார்கள். வாசக்காலுக்கு யார் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரும் என் காதுபடச் சொல்லவில்லை. நானே பூசினேன். என் மனை, என் வாசல். மேஸ்திரி வாசக்காலை நிறுத்தினார்.

மொய் மேசையில் பச்சையப்பன் உட்கார்ந்திருந்தார். சுற்றுப்பட்டில் எந்த விசேஷமானாலும் மொய் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். எழுதிவிட்டு எழுந்து நின்று வெண்கலக் குரலில் படிப்பார். அஞ்சு, பதினொன்று, இருபத்தொன்று என்று போய்க்கொண்டிருந்தது.

அண்ணனும் அண்ணி அம்மணியும் தட்டோடு வந்தார்கள். தட்டில் தேங்காய், பழம், நடுவில் ரூபாய்க் கட்டு. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "உங்க அண்ணன் கொறை வைக்கல ஜெயா. நீ பெரியவளுக்குச் செஞ்ச மொய்ய அப்படியே கொண்டாந்துட்டாரு. தையில சின்னவளுக்கும் நீ அதே மாதிரி செய்யணும்ல? ரெண்டும் ஒனக்கு ஒண்ணுதானே."

எனக்கு இப்போதுதான் புரிந்தது. மூத்தவளுக்கு அத்தை மூவாயிரம் மொய் செய்தாள் என்று ஊரறிந்துவிட்டால், இளையவளுக்கு அதில் பத்து ரூபாய் குறைக்க முடியாது. குறைத்தால் பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை செய்தவள் ஆவேன். கார்த்திகையில் கொடுக்கிற பணம் தையில் அவரிடமே திரும்பிப் போகும். மொய் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முகம் கோணாமல் கொண்டு வந்திருக்கிறார்.

பச்சையப்பன் நோட்டுகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பேனாவை எடுக்கவில்லை.

"நாயகம், இன்னாபா இது? எரண்டாயிரத்து எண்ணூறுதான் கீது. ஒண்ணு எங்க? மொய்ய மொட்டையா எழுதச் சொல்றியா?"

அண்ணன் ஒரு நொடி திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து மேசையில் வைத்தார். "மறந்துட்டேம்பா. சேத்து எழுது. எரண்டாயிரத்து எண்ணூத்தி ஒண்ணு."

"எழுதாதீங்க" என்றேன்.

பந்தல் திரும்பிப் பார்த்தது. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆனால் மரியாதை தப்பவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. மொய்னா ஆயிரத்து ஒண்ணு, ஐநூத்தி ஒண்ணுன்னு இருக்கும். நான் செஞ்சது எரண்டாயிரத்து எண்ணூறா? அது இன்னா கணக்கு?"

"நீ செஞ்சது மூவாயிரம்தான்."

"அப்ப எரநூறு கொறையுதே."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. அவர் இத்தனை வருஷமாகப் பொறுக்காத விஷயம் அது. "கொறையுதா? இன்னா கொறையுது? பொங்கலுக்கு எரநூறு ஒன் கையிலதானே குடுத்தேன், கணக்குல கழிச்சுக்கன்னு? லெட்டர்லயும் எழுதினேன்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

பச்சையப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்குல கழிச்சியா? மொய்யையா? நாப்பது வருஷமா எழுதறேன், மொய்யத் தவணையில திருப்பினவன நான் பாத்ததில்லபா." பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொய் இல்லீங்க" என்றேன். "எங்க அண்ணன் எங்கிட்ட வாங்கின கைமாத்து. மூவாயிரம். எரநூறு முன்னயே வந்துடிச்சி. மீதி எரண்டாயிரத்து எண்ணூறு இன்னிக்கிக் குடுத்துட்டாரு. சொன்ன வாக்குத் தவறல. அதுக்கு இங்க எல்லாரும் சாட்சி. அத மொய் நோட்டுல எழுத வேணாம், எங்கிட்ட குடுங்க."

பச்சையப்பன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு அவர் தலை லேசாக அசைந்தது. கட்டு என் கைக்கு வந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மேசையில் அந்த ஒற்றைக் காசு மட்டும் கிடந்தது.

"இத இன்னா பண்றது?" என்றார் பச்சையப்பன்.

"அது எங்க அண்ணன் வச்ச மொய். எழுதுங்க. ஒரு ரூபா."

"படிக்கணுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

எனக்கும் ஒரு கணம் மனசு இளகியது. உன் வீட்டில் ஒரு விசேஷம் நடக்கும்போது என்று எழுதிய வரி ஞாபகம் வந்தது. "எல்லாருக்கும் படிச்ச மாதிரிப் படிங்க" என்றேன்.

பச்சையப்பன் எழுந்து நின்றார். "ஏம்பலம் தெய்வநாயகம், பொறந்த வூட்டு மொய், ஒரு ரூபா!" சாலையில் போன மாட்டு வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அண்ணி பின்னால் ஓடினாள். நானும் போனேன். கால் வலியோடு அவள் ஓடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர் சாலை ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என்ன இருந்தாலும் என்னைத் தோளில் உட்கார வைத்துத் திருவிழா காட்டியவர். அவரை இப்படி நிறுத்த வேண்டியிருந்ததே என்று எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. பணத்தை எடுத்து நீட்டும் அளவுக்குத் துக்கம் இல்லை.

"சாப்புட்டுட்டுப் போங்கண்ணா" என்றேன்.

பஸ் வந்தது, நின்றது. அவர் ஏறவில்லை. பஸ் போனது. புழுதி அடங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றவர், என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"தைக்கு வருவியா, இல்ல இத்தோட சரியா?"

"வராம? மொய் வச்சிருக்கீங்கல்ல. ரெண்டு ரூபாயோட வருவேன்."